பெயரின் வாலும் தகப்பனார் பெயரும்

சபையிலே ஒருவரை அறிமுகஞ் செய்ய எழுகிறவர் அவரைப்பற்றி எதையெல்லாம் சொல்லவேண்டும் என்றே பெரும்பாலும் சிந்திக்கிறார். எதைச் சொல்லாமல் விடவேண்டும் என்பதை ஒரு வேலைத்திட்டமாகவே எடுத்துக்கொண்ட இயக்கம் தமிழரிடையே ஒன்று உண்டு. அது விடச்சொன்னது வயதையன்று, சம்பளத்தையுமன்று; பெயரின் பின்னே ஒட்டிநின்ற ஜாதிப் பட்டத்தையே விடச்சொன்னது.

‘குடி அரசு’ வாரப் பத்திரிகை 1925-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் ஈரோட்டிலே தொடங்கப்பெற்றபோது அதன் ஆசிரியர் பெயர் ஈ.வெ. இராமசாமி நாயக்கர் என்றே அச்சாயிற்று. 1927 டிசம்பர் 18-ஆம் நாள் இதழ்வரை அப்படியே வந்தது. அடுத்த வாரம், டிசம்பர் 25-ஆம் நாள் இதழில், ‘நாயக்கர்’ இல்லை. ஓராண்டிற்கு மேற்பட்ட பின்னர், 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டிலே கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, ஜாதியைக் குறிக்கும் பட்டங்களை யாவரும் விட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்தது. அம்மாநாட்டிற்குத் தலைமை வகித்த டபிள்யூ.பி.ஏ. சௌந்திரபாண்டியனும் ‘நாடார்’ என்பதை நீக்கிக்கொண்டவரே. முதலில் தம் பெயரில் விட்டுக்காட்டி, பிறகே ஊராரைக் கேட்டார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

ஆனால் விடுவது ஒருவர் கையில் இருந்தாலும், விடப்பட்டதாகவே இருக்கச்செய்வது பிறர் கையில் இருக்கிறது. பெரியார் தம் பத்திரிகையில் நீக்கிய சொல்லைப் பிற பத்திரிகைகள் பல, நெடுங்காலம் நீக்கவில்லை. பழக்கத்தினால் எழுதினவரும் உண்டு; வேண்டுமென்றே எழுதினவரும் உண்டு. அறிமுகஞ் செய்கிறவர், “முன்னாளில் நாயக்கர் என்று அழைக்கப்பட்டு, இப்போது அதைத் துறந்துவிட்ட” என்று புகழ்வதும் ஏறக்குறைய அதே காரியந்தான். துறந்ததைச் சபை நடுவே திரும்பக் கொண்டுவந்து வைத்தாயிற்று அல்லவா? சரித்திரம் எழுதுகிறவன் நிலை வேறு. நீக்கியதே நிகழ்ச்சியாயிருக்குமிடத்தில், நீக்கப்பட்டது எதுவென்று அவன் ஒருமுறை சொல்லியே தீரவேண்டும். நாமும் மேலே அப்படியே செய்தோம்.

1929 டிசம்பரில் பெரியார் மலாய் நாட்டிற்கு வந்து சுற்றுப்பயணஞ் செய்தார். இங்கே அவர் கண்ட தமிழரிற் பலர் கங்காணிகளால் கொண்டுவரப்பட்டவர்கள். கங்காணி தன் ஊருக்குத் திரும்பிச்சென்று, தன் உறவினரையும் அக்கம்பக்கத்தாரையுமே பெரும்பாலும் ஆளாகச் சேர்த்தான். ஆதலால் தோட்டத்து லயத்திலே பட்டம் ஏதுமற்ற வெறும் முனியன் என்றாலும், “எந்த ஊர்? யார் கங்காணி?” என்னும் இரண்டு கேள்விகளுக்கு விடை கிடைத்துவிட்டால் ஜாதி வெளிப்பட்டுவிடும். ஒரு சொல்லை விட்டாலும், அச்சொல்லை ஊகிக்கவைக்கும் வேறு இரண்டு சொற்கள் அறிமுகத்தில் எஞ்சி நின்றன. கிள்ளான் பக்கத்துத் தோட்டமானாலும், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வீடானாலும், புதிதாய் வந்தவரிடம் ஊரை விசாரிப்பது அன்பின் அடையாளமாகவும் இருந்தபடியால் அதைத் தடுக்க யாருக்கும் மனம் வராது.

இன்னொரு வழி இந்நாட்டிற்கே உரியது. தமிழ்நாட்டில் தகப்பனார் பெயர் ஓர் எழுத்தாய்ச் சுருங்கி முன்னே நிற்கும். கோவிந்தசாமி நாயுடுவின் மகன் செல்வம், கோ. செல்வம் ஆகிவிடுவான், பட்டம் ஓசையின்றி உதிர்ந்துவிடும். மலேசியாவின் அடையாளக் கார்டிலோ தகப்பனார் பெயர் ‘அனாக் லெலாக்கி’, பெண்ணாயின் ‘அனாக் பெரம்புவான்’ என்னுஞ் சொற்களின் சுருக்கத்திற்குப் பின்னே முழுமையாய் வருகிறது. பதிவிலே தகப்பனார் பட்டத்தோடு இருந்தால் இங்கே அதே செல்வம், கோவிந்தசாமி நாயுடுவின் மகன் செல்வம் என்றே எழுதப்படுவான். தான் ஒருநாளும் சூடாத பட்டத்தை அவன் ஆயுள் முழுதும் சுமக்கிறான்.

இதனால் தவறு நேரும் இடம் மேடையன்று, அழைப்பிதழே. சங்கத்தின் செயலாளர் பேச்சாளரிடம் பெயர் கேளாமல், கார்டின் நகலைப் பார்த்து எழுதி அச்சுக்கு அனுப்பிவிடுகிறார். தலைவர் அதைப் பார்த்து வாசிக்கிறார். பேச்சாளரே ஜாதி ஒழிப்பைப்பற்றிப் பேச வந்தவராயிருப்பார்! (வயதை மறைக்க விரும்புகிறவர்க்கும் இதே ஆபத்து உண்டு. கார்டின் பன்னிரண்டு இலக்கங்களில் முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாளே. எண்ணைக் கொடுத்தவர் வயதைக் கொடுத்தவரே.)

பரிகாரம் எளிது. அழைப்பிதழ் எழுதுமுன் பேச்சாளரிடமே, “தங்கள் பெயர் எப்படி அச்சாக வேண்டும்?” என்று கேட்டு, அவர் எழுதித்தந்தபடி எழுத்துக்கூட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். சம்பளமும், பிள்ளைகளின் எண்ணிக்கையும், அவர் முன்பு இருந்து விலகிய கட்சியும் அவராகச் சொன்னாலன்றி வேண்டியதில்லை. ஆயினும் இதிலும் ஒரு வரம்பு உண்டு. தகப்பனார் பெயரைப் பட்டத்தோடு சொல்வதே தகப்பனாருக்குச் செய்யும் மரியாதை என்று கருதும் மகனும் இருக்கிறான். அவன் எழுதித்தந்ததைச் செயலாளர் தம் கொள்கைக்காக வெட்டுவாராயின், 1927-க்குப் பிறகும் ‘நாயக்கர்’ என்று எழுதிவந்த பத்திரிகைக்காரர் செய்த காரியத்தையே அவர் மறுபுறமிருந்து செய்கிறார்.