வியட்நாமியப் பழமொழிகளின் தமிழாக்கம்

வியட்நாமிய நாட்டுப்புறப் பழமொழிகளைத் தமிழில் தருவதற்கு இரண்டு வழிகள் உண்டு. அதே கருத்துடைய தமிழ்ப் பழமொழியை அதன் இடத்தில் வைப்பது ஒன்று. மூலத்திலுள்ள காட்சியை அப்படியே தமிழில் சொல்லி, தேவையான அளவு விளக்கம் சேர்ப்பது மற்றொன்று.

எந்த வழி பொருந்தும் என்பது முதலில் வகையைப் பொறுத்தது. தன்னளவில் கருத்து முடிந்து நிற்கும் வாக்கியத்தை வியட்நாமியர் ‘துக் ஙூ’ என்பர். வேறொரு வாக்கியத்துக்குள் புகுந்து பொருள் தரும் தொடரை ‘தாய்ன் ஙூ’ என்பர். தமிழில் பழமொழிக்கும் மரபுத்தொடருக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய இதுவே. தொடர்களுக்கு இணை தேடுவது எளிது. ‘கிணற்றின் அடியில் உட்கார்ந்த தவளை’ என்பது தமிழின் கிணற்றுத் தவளையேதான். ‘எருமையின் காதருகே யாழ் மீட்டுவது’ என்பதற்குச் ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ தடையின்றி நிற்கும். முழுப் பழமொழிகளோ பெரும்பாலும் இரண்டு பாதிகளாக, ஒன்றையொன்று எதிரொலிக்கும் ஓசையோடு அமைந்தவை. அவற்றில் ஒரு பாதிக்கு இணை கிடைத்து மறுபாதி விடுபட்டுப்போவது அடிக்கடி நேர்கிறது.

‘கன் முக் தி டென், கன் டென் தி ராங்’ என்பது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மையின் அருகே இருந்தால் கறுக்கும், விளக்கின் அருகே இருந்தால் ஒளிரும் என்பது நேர்ப்பொருள். இதன் வேர் சீனப் பழமொழி. சீனத்தில் மையோடு வருவது செந்நிறச் சாயம். வியட்நாமியர் அங்கே விளக்கை வைத்தனர். காரணம் ஓசை என்றே கொள்ளலாம். ‘கறுப்பு’ என்ற சொல்லும் ‘விளக்கு’ என்ற சொல்லும் அம்மொழியில் ஒரே ஒலியுடையவை, தொனி மட்டுமே வேறு. தமிழ் எழுத்து அந்தத் தொனியைக் காட்டாது என்பதால் மேலே இரண்டும் ‘டென்’ என்றே தெரிகின்றன.

தமிழில் ‘பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும்’ என்பது விளக்குப் பாதிக்கு மட்டும் பொருந்தும். மைப் பாதிக்குப் ‘பன்றியோடு சேர்ந்த கன்றும் மலம் தின்னும்’ இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்தால் கருத்து முழுமையாகும். ஆனால் ஓர் ஆசிரியர் வகுப்பில் சொல்வதாக வரும் இடத்தில் பின்னது முரட்டுத்தனமாக ஒலிக்கும். மகனின் சகவாசம் பிடிக்காத தாய் கோபத்தில் சொல்வதானால் அதுவே கச்சிதம்.

இணை அடியோடு உதவாத இடமும் உண்டு. ‘மையருகே இருப்பவர் எல்லாம் கறுப்பார் என்பது உறுதியா?’ என்று இந்தப் பழமொழியை மறுத்து எழுதச் சொல்வது வியட்நாமியப் பள்ளிகளில் பழகிய கட்டுரைத் தலைப்பு. முதலில் பூவும் நாரும் வந்திருந்தால் பின்னால் வரும் மைக்கு இடமே இராது. அப்போது ‘மையருகே கறுப்பு, விளக்கருகே வெளிச்சம்’ என்று காட்சியையே தர வேண்டும். முதல் முறை வரும்போது ‘எழுத்து மை’ என்று தெளிவுபடுத்திவிடுவது நல்லது. தமிழ் வாசகருக்கு மை என்றதும் கண்மையும் நினைவில் எழும், அதில் பழிப்பு ஏதுமில்லை.

காலம், வேளாண்மை பற்றிய பழமொழிகளில் விளக்கமின்றி முடியாது. ‘ஐந்தாம் மாத இரவு படுக்குமுன் விடியும், பத்தாம் மாதப் பகல் சிரிக்குமுன் இருட்டும்’ என்ற பழமொழி சந்திர நாட்காட்டியைப் பின்பற்றுவது. ஐந்தாம் மாதம் ஏறத்தாழ ஜூனிலும் பத்தாவது நவம்பரிலும் வருகின்றன. எண்ணை அப்படியே விட்டால் தமிழ் வாசகர் ஆவணி, தை என்றோ மே, அக்டோபர் என்றோ கணக்கிடுவார்; பொருள் சிதைந்துவிடும். ஆனி, கார்த்திகை என்று எழுதினால் சரியாக அமையும். இன்னொரு தடை இடத்தைச் சார்ந்தது. 21 பாகை வடக்கிலுள்ள ஹனோயில் ஆண்டின் நெடிய பகலுக்கும் குறும் பகலுக்கும் சுமார் இரண்டரை மணி நேர வேறுபாடு உண்டு. சென்னையில் அது ஒன்றரை மணி அளவே என்பதால் இந்த வியப்பு இங்கு இயல்பாகத் தோன்றாது. இது வடக்குச் சமவெளி உழவரின் பேச்சு என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

இன்றைய தமிழாக்கங்கள் பெரும்பாலும் ஆங்கில வழியாக வருகின்றன. ‘இரும்பைத் தேய்த்தால் ஒரு நாள் ஊசியாகும்’ என்ற பழமொழி, பழகப் பழகக் கைவரும் என்ற பொருளில் தமிழுக்கு வந்திருந்தால், இடையில் ஓர் ஆங்கிலப் பழமொழி புகுந்திருக்கிறது என்று அறியலாம். மூலம் பேசுவது திறமையை அல்ல, விடாமுயற்சியை. ‘எறும்பு ஊரக் கல்லும் தேயும்’ என்பதே அதற்கு உரிய இணை.