சுண்டு, சிறங்கை, கண்ணளவு

கப்பல்துறை என்பது திருகோணமலை நகரத்திலிருந்து கண்டி வீதியில் செல்லும்போது வருகின்ற சிற்றூர். கப்பலின் பெயரைத் தாங்கியிருந்தாலும் அந்த ஊர்ப் பிள்ளைகள் இன்று வெளிநாடு போவது விமானத்தில்தான். போனவர்கள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேர்னிலும் அடுப்பை மூட்டிவிட்டு, கைத்தொலைபேசியில் தாய்மாரிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “அம்மா, எவ்வளவு போடுறது?” வருகிற பதிலும் பெரும்பாலும் ஒரே மாதிரியானது. “ரெண்டு சுண்டு மா எடு பிள்ளை. உப்பு ஒரு நுள்ளு. தண்ணி அளவாய் விடு. பார்த்தால் தெரியும்.”

இந்த நான்கு சிறு வசனங்களில் மூன்று வெவ்வேறு அளவை முறைகள் இருக்கின்றன. சுண்டு என்பது பாத்திரத்தின் அளவு. நுள்ளு என்பது கையின் அளவு. ‘பார்த்தால் தெரியும்’ என்பது கண்ணின் அளவு. மூன்றுக்கும் தனித்தனி வரலாறு உண்டு. கடல் கடக்கும்போது மூன்றும் தனித்தனி விதமாகப் பிழைக்கின்றன.

தமிழர்களுக்கு நுட்பமான முகத்தலளவை இல்லாமலிருந்ததில்லை. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு மரக்கால் என்று வாய்பாடு இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டுகள் ‘ஆடவல்லான்’ என்ற மரக்காலைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. சோழர் காலக் கோயில்களில் அமுதுபடிக்கான அரிசி நாழியிலும், நெய் ஆழாக்கிலும் செவிடிலுமாக எழுதப்பட்டிருக்கின்றது. காரணம் எளிது. கோயில் மடைப்பள்ளி கணக்குக் காட்ட வேண்டிய இடம். கொடுத்தவன் ஓரிடத்தில், சமைப்பவன் வேறோரிடத்தில், கணக்குப் பார்ப்பவன் மூன்றாவது இடத்தில். ஒருவர் கண்ணை மற்றவர் நம்ப இயலாத இடத்தில் அளவு கல்லில் ஏறியது.

வீட்டுச் சமையலறையில் அந்தத் தேவை இருக்கவில்லை. கற்பவள் கற்பிப்பவளின் அருகிலேயே நின்றாள். கையைப் பார்த்தாள், தன் கையைக் கொண்டு செய்தாள். மகள் தூர தேசத்துக்குப் போனபோதுதான் வீடும் ஒரு கோயில் மடைப்பள்ளியின் நிலைக்கு வந்தது. எஸ்.மீனாட்சி அம்மாள் 1951இல் ‘சமைத்துப் பார்’ நூலை வெளியிட்டதற்குப் பின்னால் இருந்ததும் இதுவே. உறவினர்கள் செய்முறை கேட்டுக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்கள். தனித்தனிப் பதிலுக்கு மாற்றாக வந்தது புத்தகம். அன்று கடிதம், இன்று வைபரும் வாட்ஸ்அப்பும்.

இனி நம்முடைய சுண்டுக்கு வருவோம். இலங்கைத் தமிழர் வீடுகளில் அரிசியையும் மாவையும் அளப்பது சுண்டால். நான்கு சுண்டு ஒரு கொத்து, முப்பத்திரண்டு கொத்து ஒரு புசல். கொத்து என்பது வெறும் சமையலறைச் சொல்லாக மட்டும் இருக்கவில்லை. 1953 யூலையில் பங்கீட்டு அரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றப்பட்டபோது நாடு கொதித்தது. ஆகஸ்ட் 12இல் ஹர்த்தால் நடந்தது, அதே ஆண்டில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். ஓர் அளவுச் சொல் அரசாங்கத்தை ஆட்டிய கதை அது.

புசல் ஆங்கிலேயரின் அளவு. அதன் கொள்ளளவு 36 லீற்றருக்குச் சற்றுக் கூட. அதை 32ஆல் வகுத்தால் ஒரு கொத்து ஏறத்தாழ 1136 மில்லிலீற்றர். அதில் கால் பங்கான சுண்டு 284 மில்லிலீற்றர். ஒரு கொத்து அரிசி இரண்டு றாத்தல் என்பது பழைய கணக்கு. ஆகவே ஒரு சுண்டு அரிசி அரை றாத்தல், அதாவது ஏறக்குறைய 227 கிராம். ஆனால் நம் வீடுகளில் முத்திரை குத்திய சுண்டு எத்தனை பேரிடம் இருந்தது? பெரும்பாலானோரிடம் இருந்தது வெறுமையான ரின்பால் பேணிதான். 14 அவுன்சுப் பால் கொண்ட அந்தப் பேணி 300 மில்லிலீற்றருக்குச் சற்றுக் கூடக் கொள்ளும். சுண்டுக்கு மிக அண்மையில் இருந்ததனால் அதுவே சுண்டாகிவிட்டது.

வெளிநாட்டுச் சமையலறையில் முதற் பிழை இங்கேதான் நேர்கிறது. தாய் “ரெண்டு சுண்டு” என்கிறாள். மகளின் கையில் இருப்பதோ சோறு சமைக்கும் மின்கலத்தோடு வந்த பிளாஸ்ரிக் கோப்பை. அது யப்பானிய அளவு, 180 மில்லிலீற்றர். இரண்டு சுண்டு வேண்டிய இடத்தில் இரண்டு கோப்பை போட்டால் மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்துபோகும். அமெரிக்கக் கோப்பை 237, அவுஸ்திரேலியக் கோப்பை 250. மேசைக்கரண்டியும் அப்படியே: பிரித்தானியாவில் 15 மில்லிலீற்றர், அவுஸ்திரேலியாவில் 20. இலண்டன் மகளுக்குச் சரியாக வந்த உப்புக் கணக்கு மெல்பேர்ன் மகளுக்குக் கரிப்பது இதனால்தான். பேணியைத் தலைதட்டி அளப்பதா, கும்பமாக அளப்பதா என்பதும் கேட்டறிய வேண்டியது. கும்பமாக அளந்தால் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு கூடும்.

கையளவில் சிக்கல் வேறு. தமிழில் கையளவுக்குச் சொற்கள் தெளிவாகவே உண்டு. இரு விரலால் எடுப்பது நுள்ளு. உள்ளங்கையைக் குழித்து ஏந்துவது சிறங்கை. விரல்களை மூடி எடுப்பது பிடி. பிடியும் சிறங்கையும் ஒன்றல்ல. மூடிய கையை விடக் குழித்த கை கூடுதலாகக் கொள்ளும். ஆனால் தொலைபேசியில் எல்லாவற்றையும் ‘ஒரு கை’ என்றே எழுதிவிடுகிறோம். நுள்ளுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. திருகோணமலைத் தாயின் நுள்ளு கல்லுப்பில் பழகியது. நிலாவெளி உப்பளம் அருகிலேயே இருக்கின்ற மாவட்டம் அது. விரல் நுனியில் நிற்கின்ற பருக்கைகளின் எடையும், மேசையுப்புத் தூளின் எடையும் ஒன்றாகா.

இதற்கு ஒரு வழி உண்டு. தாயிடம் “உங்கள் பிடி எத்தனை கிராம்” என்று கேட்பதில் பயனில்லை. “உங்கள் பேணி நிரம்ப எத்தனை பிடி அரிசி போகிறது, எண்ணிச் சொல்லுங்கள்” என்று கேட்க வேண்டும். ஐந்தரைப் பிடி என்றால், 227ஐ ஐந்தரையால் வகுத்தால் ஒரு பிடி 41 கிராம். ஒரு பிடியைத் தனியே நிறுத்தால் வரும் பிழை, பல பிடிகளை எண்ணும்போது ஒன்றையொன்று சமன் செய்துவிடும். உப்புக்கும் இதே முறைதான்: ஒரு தேக்கரண்டி நிரம்ப எத்தனை நுள்ளு என்று எண்ணச் சொல்லலாம். ஒரு தடவை எண்ணி எழுதிவைத்தால் அந்தக் கை என்றைக்கும் அந்த வீட்டில் இருக்கும்.

மூன்றாவதான கண்ணளவே கடினமானது. அதைப் பிட்டை வைத்து விளக்குகிறேன்.

நால்வருக்கு இரண்டு சுண்டு வறுத்த சிவப்பு அரிசிமா போதும். நிறுத்தால் 300 முதல் 350 கிராம் வரை இருக்கும். உப்பை மாவில் போடாமல் தண்ணீரில் கரைக்க வேண்டும். தூளுப்பானால் தலைதட்டி அரைத் தேக்கரண்டி. தண்ணீர் எவ்வளவு? மாவில் பாதியளவு, அதாவது ஒரு சுண்டு என்பது நடுத்தரமான கணக்கு. ஆனால் தாய் ஒருபோதும் அப்படிச் சொல்லமாட்டாள். அவள் சொல்லாததற்கு நியாயம் இருக்கின்றது. நன்றாக வறுத்த மா கூடத் தண்ணீர் குடிக்கும், அரைகுறையாக வறுத்தது குறைவாகக் குடிக்கும். மார்கழி மழையில் திருகோணமலை வீட்டு மா காற்றின் ஈரத்தை ஏற்கெனவே வாங்கியிருக்கும். பனிக்காலத்தில் சூடேற்றிய ரொறன்ரோ வீட்டில் அதே மா உலர்ந்து கிடக்கும். எனவே எண்ணைப் பின்பற்றியவருக்கு ஒரு நாள் சரியாகவும் மறுநாள் பிழையாகவும் வரும்.

செய்ய வேண்டியது இது. ஒரு சுண்டு தண்ணீரைக் கொதிக்கவைத்து, கொதி அடங்கியதும் முக்காற் பங்கை மட்டும் சிறிது சிறிதாக விட்டு அகப்பைக்காம்பால் கிளற வேண்டும். கை பொறுக்கும் சூடு வந்ததும் ஒரு பிடி மாவை எடுத்து இறுக்கிப் பிடிக்க வேண்டும். கை திறந்ததும் அது உருவம் கலையாமல் நிற்க வேண்டும். பெருவிரலால் மெல்ல அழுத்தினால் உடனே உதிர வேண்டும். இரண்டும் நடந்தால் அதுதான் பதம். பிடித்தும் கூடாமல் உதிர்ந்தால் தண்ணீர் போதாது. அப்படியே அவித்தால் மணல்போல் தொண்டையில் அடைக்கும். மிச்சக் கால் பங்கிலிருந்து தெளிக்க வேண்டும். அழுத்தியும் உதிராமல் விரலில் ஒட்டினால் தண்ணீர் கூடிவிட்டது. அவித்தால் களியாகும். கொஞ்சம் உலர்ந்த மாவைத் தூவி மீண்டும் கொத்த வேண்டும். இந்தத் திருத்தம் அவிக்குமுன் மட்டுமே இயலும். அவித்தபின் வறட்சிக்கு வழியுண்டு, தேங்காய்ப்பால் விட்டுப் பால்பிட்டாக்கலாம். களிக்கு வழியில்லை.

பதம் வந்ததும் கட்டிகளை வெறும் பேணியின் விளிம்பால் கொத்துவார்கள். அளந்த அதே பேணி! பிறகு தேங்காய்ப்பூவைக் கலந்து நீத்துப்பெட்டியில் இட்டு, ஆவி மேலே வந்து மாவின் வாசம் மாறும் வரை அவித்தால் பிட்டு தயார்.

கவனியுங்கள், ‘பார்த்தால் தெரியும்’ என்று தாய் சொன்னாலும் அவள் பார்ப்பது கண்ணால் மட்டுமல்ல. பிடித்துப் பார்க்கிறாள், அழுத்திப் பார்க்கிறாள், மணந்து பார்க்கிறாள். தமிழில் ‘பார்’ என்பது இவை எல்லாவற்றுக்கும் பொதுவான துணைவினை. அதனால்தான் நிழற்படம் அனுப்பி “இது சரியா அம்மா?” என்று கேட்பதால் பெரிதாகப் பயன் கிடைப்பதில்லை. படத்தில் ஈரம் தெரியாது. பிடித்து, விரித்து, பெருவிரலால் அழுத்தும் பத்து விநாடி ஒளிப்பதிவு அதைவிட நூறு மடங்கு சொல்லும். பழைய கடிதங்களால் ஒருபோதும் செய்ய இயலாதிருந்த வேலை இது.

1983இலும் 1990இலும் திருகோணமலையை விட்டு ஓடியவர்களில் பலர் பேணியை எடுத்துச் செல்லவில்லை. கையைக் கொண்டு சென்றார்கள். அந்தக் கைகளுக்கு இப்போது எழுபதும் எண்பதும் வயதாகிறது. அவர்கள் போனபின் தொலைபேசியில் எஞ்சப்போவது “அளவாய்ப் போடு பிள்ளை” என்ற செய்தி மட்டுமே என்றால் அதை வைத்து யாரும் பிட்டு அவிக்க முடியாது. பேணியின் கொள்ளளவு, அதில் போகும் பிடிகளின் எண்ணிக்கை, ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் அவர்கள் செய்து பார்க்கும் சோதனை ஆகிய மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் சுண்டாக இருந்தது எந்தப் பேணி என்பதை எனக்கும் எழுதுங்கள்.