டிக்-டாக்-டோ: வெற்றிக் கோட்டைக் கண்டறிதல்

டிக்-டாக்-டோ ஆட்டத்தில் 3 நிரை, 3 நிரல், 2 மூலைவிட்டம் என மொத்தம் 8 கோடுகள் உண்டு. இவற்றுள் ஏதேனும் ஒன்றின் மூன்று கட்டங்களிலும் ஒரே ஆட்டக்காரரின் குறி இருந்தால் அவர் வென்றார். ஐந்தாம் நகர்வுக்கு முன் யாரும் வெல்ல முடியாது. மனிதர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடும் இதைக் கணினி செய்யும் விதம், பலகை நினைவகத்தில் எப்படிப் பதியப்படுகிறது என்பதைப் பொறுத்தது.

வரலாறு

இவ்வாட்டத்தை ஆடும் இயந்திரம் ஒன்றைப் பற்றி சார்லஸ் பாபேஜ் 1864இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் எழுதினார். அதைக் காட்சிக்கு வைத்துப் பணம் திரட்டிப் பகுப்பாய்வுப் பொறியைக் கட்டலாம் என்பது அவர் எண்ணம், அது நிறைவேறவில்லை. 1950இல் டொராண்டோவில் நடந்த கனடிய தேசியக் கண்காட்சியில் ஜோசப் கேட்ஸ் வடிவமைத்த ‘பெர்ட்டி தி பிரெய்ன்’ பார்வையாளர்களோடு ஆடியது. 1952இல் கேம்பிரிட்ஜில் ஏ. எஸ். டக்ளஸ் எட்சாக் கணினிக்கு இவ்வாட்டத்தை நிரலாக எழுதினார். ஆடுபவர் தொலைபேசியின் சுழல்வட்டைச் சுற்றிக் கட்டத்தின் எண்ணைக் கொடுத்தார். பலகை ஒரு கதிர்க்குழாய்த் திரையில் புள்ளிகளாகத் தெரிந்தது.

பிட் முறை

எட்டுக் கோடுகளையும் பட்டியலிட்டு ஒவ்வொன்றாக ஒப்பிடுவதே எளிய வழி. அதில் மூன்று கட்டங்களும் சமமா என்று மட்டும் கேட்டால், வெறுமையான நிரைகூட ‘வெற்றி’ ஆகிவிடும். இரு ஆட்டக்காரரின் குறிகளையும் தனித்தனி எண்களாக வைத்தால் இந்தச் சிக்கல் எழாது. கட்டங்களுக்கு இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக 0 முதல் 8 வரை எண்ணிட்டு, ஒவ்வொன்றுக்கும் 1, 2, 4 தொடங்கி 256 வரை இரட்டிக்கும் மதிப்பைக் கொடுப்பார்கள். அப்போது ஒவ்வொரு கோடும் ஓர் எண்ணாகிறது.

```
lines = [7, 56, 448, 73, 146, 292, 273, 84]

def wins(p):
    return any((p & m) == m for m in lines)
```

பின்வரும் பலகையை எடுத்துக்கொள்வோம்.

```
X O X
O X .
O . X
```

X இருக்கும் கட்டங்கள் 0, 2, 4, 8. அவற்றின் கூட்டு மதிப்பு 1 + 4 + 16 + 256 = 277. மேல் நிரையின் எண்ணான 7உடன் இதற்கு `&` செயலைச் செய்தால் 5 கிடைக்கிறது, நிரை நிரம்பவில்லை. 273உடன் செய்தால் 273ஏ திரும்பக் கிடைக்கிறது. ஆகவே 0, 4, 8 என்ற மூலைவிட்டம் X கையில் உள்ளது.

இங்கே அடைப்புக்குறி முக்கியம். சி மொழியில் `p & m == m` என்று எழுதினால் `==` முதலில் கணிக்கப்பட்டு, கோவை `p & 1` ஆகச் சுருங்கும். விளைவாக, இடது மேல்மூலையைப் பிடித்தவரெல்லாம் வென்றவராக அறிவிக்கப்படுவார். முதல் நகர்வை அந்த மூலையில் வைத்துப் பார்த்தாலே பிழை தெரிந்துவிடும்.

மாயச்சதுர முறை

லோ ஷு என்னும் சீன மாயச்சதுரத்தின் இடவலம் மாற்றிய வடிவத்தில் நிரைகள் 2, 9, 4. 7, 5, 3. 6, 1, 8. எந்தக் கோட்டைக் கூட்டினாலும் 15 வரும். 1 முதல் 9 வரையுள்ள எண்களில் 15 தரும் வெவ்வேறான மும்மைகளும் இந்த எட்டு மட்டுமே. இந்த எண்களைக் கட்டங்களுக்கு இட்டால், மேற்காட்டிய பலகையில் X வசம் 2, 4, 5, 8 உள்ளன; 2 + 5 + 8 = 15. நான்கையும் கூட்டினால் 19 வருவதால், மொத்தத்தை மட்டும் பார்க்கும் நிரல் இந்த வெற்றியைத் தவறவிடும். O வசமுள்ள 9, 7, 6இல் 9 + 6 = 15; ஆனால் இவை இரண்டே எண்கள், வெற்றியல்ல. எனவே சரியாக மூன்று எண்களைத் தேர்ந்து கூட்ட வேண்டும்.

சோதிக்கும் வரிசை

நிரல் எழுதுவோர் அடிக்கடி சறுக்கும் இடம், ‘பலகை நிரம்பிவிட்டதா’ என்று முதலில் கேட்டுச் சமன் என அறிவிப்பது. சாத்தியமான 2,55,168 ஆட்டங்களில் 81,792 ஆட்டங்கள் ஒன்பதாம் நகர்வில் வெற்றியோடு முடிகின்றன. 46,080 மட்டுமே உண்மையான சமன். வரிசை மாறினால் ஏறத்தாழ மூன்றில் ஓர் ஆட்டம் தவறாகத் தீர்க்கப்படும்.

பெரிய பலகைகள்

புதிய கோடு கடைசிக் குறி வழியாகவே உருவாக முடியும். ஆகவே அந்தக் கட்டத்தைத் தொடும் கோடுகளைப் பார்த்தாலே போதும்: நடுக்கட்டத்துக்கு 4, மூலைக்கு 3, விளிம்பின் நடுவுக்கு 2. 8 கோடுகள் உள்ள பலகையில் இதனால் பெரிய மிச்சமில்லை. ஐந்து குறிகளைச் சேர்க்கும் கோமோக்கு ஆட்டத்தின் 15 × 15 பலகையில் 572 வெற்றிக் கோடுகள் உள்ளன. அங்கே கடைசிக் கட்டத்திலிருந்து நான்கு திசைக் கோடுகளில் இருபுறமும் எண்ணுவதே வழக்கமான முறை.