ஒளிக்கு ஓர் உறை

1954 ஜனவரி 2ஆம் நாள் ‘நேச்சர்’ இதழில், கண்ணாடி இழைக் கற்றைகளின் வழியே உருவங்களைக் கடத்துவது பற்றி இரண்டு கட்டுரைகள் வெளியாயின. ஒன்று லண்டனில் பணியாற்றிய ஹாப்கின்ஸும், பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானியும் எழுதியது. மற்றது டச்சு அறிஞர் வான் ஹீலுடையது. நம்மவர்களிடையே கபானியின் பெயரே நிலைத்தது, அதில் பிழையில்லை. ஆயினும் ஒளியிழையின் எதிர்காலம் வான் ஹீலின் கட்டுரையில் இருந்த ஒரு கருத்தில்தான் அடங்கியிருந்தது: இழைக்கு ஓர் உறை வேண்டும். அதை அவருக்கு 1951இல் எடுத்துரைத்தவர் அமெரிக்கரான பிரையன் ஓ’பிரையன்.

உறை எதற்கு? காற்றே உறையாக இருந்தால் போதாதா? கணக்கு ‘போதும்’ என்றே சொல்கிறது. ஒளிவிலகல் எண் 1.62 உள்ள கண்ணாடிக்கும் காற்றுக்கும் இடையே மாறுநிலைக் கோணம் சுமார் 38 பாகை. செங்குத்துக் கோட்டிலிருந்து அதைவிடச் சாய்வாக வரும் கதிர் முழு அக எதிரொளிப்பு அடைந்து உள்ளேயே திரும்பிவிடும். இழையின் முகப்பில் எத்திசையிலிருந்து நுழையும் கதிரும் இவ்விதியின்படி சிறைப்பட வேண்டும்.

நடப்பு வேறு. எதிரொளிக்கும் ஒளி, எல்லையைத் தாண்டி ஓர் அலைநீள அளவுக்கு எட்டிப்பார்த்துவிட்டே திரும்புகிறது. அங்கே இன்னோர் இழை தொட்டுக்கொண்டிருந்தால் அதற்குள் கசிந்துவிடும். விரல்ரேகையோ கீறலோ இருந்தால் சிதறிவிடும். ஆயிரக்கணக்கான இழைகளை நெருக்கிக் கட்டிய கற்றையில் உருவம் மங்குவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

உறை அந்த எல்லையை உள்ளே மறைத்து வைக்கிறது. ஆனால் அதற்கு விலை உண்டு. 1.62 எண்ணுடைய உள்ளகத்தின்மீது 1.52 எண்ணுடைய கண்ணாடியைப் போர்த்துவதாகக் கொள்வோம். மாறுநிலைக் கோணம் 70 பாகையை நெருங்கிவிடுகிறது. சுவரை மிகச் சாய்வாகத் தொடும் கதிர்கள் மட்டுமே தப்பாமல் திரும்பும். முகப்பில் எவ்வளவு விரிந்த கூம்புக்குள் ஒளியை ஏற்கலாம் என்பதை எண்ணியல் துளை என்ற அளவு சொல்கிறது:

NA = √(n₁² − n₂²)

இங்கே n₁ உள்ளகத்தின் எண், n₂ உறையின் எண். 1.62இன் வர்க்கம் 2.6244, 1.52இன் வர்க்கம் 2.3104. வித்தியாசம் 0.314, அதன் வர்க்கமூலம் 0.56. காற்றிலிருந்து நுழையும் கதிருக்கு இதுவே ஏற்புக் கோணத்தின் சைன். கோணம் 34 பாகை. அச்சிலிருந்து அதற்குமேல் சாய்ந்து வரும் கதிர் உறைக்குள் நழுவிவிடும். எல்லாவற்றையும் ஏற்பதாகச் சொல்லி வழியில் தொலைப்பதைவிட, குறைவாக ஏற்றுக் கடைசிவரை காப்பது மேல் என்பதே ஓ’பிரையன் கண்ட உபாயம்.

வான் ஹீல் பிளாஸ்டிக்கால் உறையிட்டார். கண்ணாடிக்குக் கண்ணாடியையே உறையாக்கியவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இளநிலை மாணவர் லாரன்ஸ் கர்ட்டிஸ். 1956 டிசம்பரில், எண் குறைந்த கண்ணாடிக் குழாய்க்குள் எண் மிகுந்த தண்டைச் செருகி, இரண்டையும் உருக்கி ஒன்றாக இழுத்தார். சில வாரங்களில் அவ்விழைகளால் இரைப்பை காணும் கருவி உருவாயிற்று. 1957 பிப்ரவரியில் மருத்துவர் ஹிர்ஷோவிட்ஸ் முதலில் தாமே அதை விழுங்கிப் பார்த்தார்.

தொலைத்தொடர்பு இழைகளில் இந்தக் கூம்பு இன்னும் ஒடுங்கியது. 1.468, 1.463 என எண்கள் ஒட்டி நிற்கும் இழையில் எண்ணியல் துளை 0.12, ஏற்புக் கோணம் ஏழு பாகை. அவ்வளவு சிறிய வாயிலுக்குள் ஒளியைச் செலுத்த லேசர் வேண்டியிருந்தது.