மறைமைப் புத்தகமும் குறிப்புக் காசும்

புதிரில் சிக்கிக்கொண்டவருக்கு விடையைச் சொல்லிவிடுவது எளிது. சொல்லாமல் ஓர் அடி மட்டும் நகர்த்திவிடுவதுதான் கடினம். இந்த வேலையைச் செய்த இரண்டு முறைகளை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். ஒன்று, 1980களில் அமெரிக்காவின் இன்ஃபோகாம் விளையாட்டுகளுக்கு வந்த ‘இன்விசிக்ளூஸ்’ புத்தகங்கள். மற்றொன்று, ஜப்பானின் லெவல்-5 நிறுவனம் 2007-இல் தொடங்கிய ‘பேராசிரியர் லேட்டன்’ தொடரின் குறிப்புக் காசுகள்.

இன்ஃபோகாமின் ‘ஜோர்க்’ எழுத்தால் மட்டுமே ஆன சாகச விளையாட்டு. அதைச் சோதித்து விளையாடியவர்களில் ஒருவரான மைக் டார்ன்பிரூக், சிக்கிக்கொண்டவர்களின் கடிதங்களுக்குப் பதில் எழுதத் தொடங்கினார். அந்த வேலையின் தொடர்ச்சியாக வந்ததே இந்தப் புத்தகம். கேள்விகள் வெளிப்படையாக அச்சாகியிருக்கும். அவற்றின் கீழே உள்ள பதில்கள் கண்ணுக்குத் தெரியாத மையில் இருக்கும். உடன் தரும் பேனாவால் தேய்த்தால் ஒவ்வொரு வரியாகத் தெரியவரும். முதல் வரி மேலோட்டமாக இருக்கும், கடைசி வரி விடையாக இருக்கும். எந்த வரியோடு நிறுத்துவது என்பது வாசகர் கையில்.

லேட்டனிலும் இதே படிவரிசைதான். ஒவ்வொரு புதிருக்கும் மூன்று குறிப்புகள், ஒன்றைத் திறக்க ஒரு காசு. ஊரின் சுவர்களையும் மரங்களையும் தொட்டுத் தேடினால் காசு கிடைக்கும்.

இரண்டும் பிரியும் இடம் கேள்வி. லேட்டனில் புதிர் திரையிலேயே இருக்கிறது. எதில் சிக்கினீர்கள் என்று விளையாட்டுக்குத் தெரியும். புத்தகத்துக்கு அது தெரியாது. அதனால் எல்லாக் கேள்விகளையும் பட்டியலிட்டாக வேண்டும், அந்தப் பட்டியலே ரகசியங்களைக் கசியவிடும். ஜோர்க்கில் மரத்தின் மேல் பறவைக்கூட்டில் நகை பதித்த முட்டை ஒன்று உண்டு. பலவந்தமாகத் திறந்தால் பாழாகிவிடும். சேதமில்லாமல் திறக்கத் தெரிந்தவன், நிலத்தடியில் அலையும் திருடன். முட்டையை அவனிடம் போகவிட்டு, பிறகு அவனை வென்று மீட்க வேண்டும். “திருடனிடம் முட்டையை எப்படிக் கொடுப்பது?” என்று தலைப்பிட்டால், பேனாவைத் தொடுவதற்கு முன்பே புதிர் முடிந்துபோகும். “முட்டையை எப்படித் திறப்பது?” என்பதோடு நிற்க வேண்டும். அதன் கீழ் நான் எழுதுவதானால் முதல் வரி, “உங்கள் கைக்கு இது நுட்பமான வேலை” என்றிருக்கும். அடுத்தது, “இங்கே கைத்திறன் உள்ளவர் யார்?” மூன்றாவதில்தான் திருடன் வருவான்.

இந்தக் கசிவை உணர்ந்தே புத்தகத்தில் போலிக் கேள்விகளையும் கலந்தார்கள். விளையாட்டிலேயே இல்லாத பொருளைப் பற்றிய கேள்வியைத் தேய்த்தவருக்கு ஒரு கண்டிப்பு மட்டும் கிடைக்கும். பட்டியலை மேய்ந்து ரகசியம் பொறுக்குவதற்கு இது நல்ல தடை.

இனி குறிப்பின் உள்ளடக்கம். லேட்டனின் முதல் விளையாட்டில் ஓநாய்கள், கோழிக்குஞ்சுகள் பற்றிய ஆற்றைக் கடக்கும் புதிர் உண்டு. மூன்று ஓநாய், மூன்று குஞ்சு, படகில் இரண்டு பேருக்கே இடம். குஞ்சு இருக்கும் எந்தக் கரையிலும் குஞ்சுகளைவிட ஓநாய்கள் அதிகமாகக் கூடாது. 11 பயணங்களில் முடிக்கலாம். பெரும்பாலும் சிக்குவது ஐந்தாம் பயணத்துக்குப் பிறகு. அப்போது இக்கரையில் ஓர் ஓநாயும் ஒரு குஞ்சும், அக்கரையில் இரண்டிரண்டு. ஓநாயை மட்டும் திருப்பினால் இக்கரைக் குஞ்சுக்கு ஆபத்து. குஞ்சை மட்டும் திருப்பினால் அக்கரைக் குஞ்சுக்கு ஆபத்து. முன்னேற ஒரே வழி, ஓர் ஓநாயும் ஒரு குஞ்சும் சேர்ந்து திரும்புவது. திரும்பும்போது படகில் ஒருவர்தான் வர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் நாமே அப்படி நினைத்துக்கொள்கிறோம். ஆகவே நல்ல முதல் குறிப்பு: “திரும்பி வரும் படகில் எத்தனை பேர் இருக்கலாம்?” அது புதிய தகவல் எதையும் தரவில்லை, தவறான எண்ணத்தை மட்டும் அசைக்கிறது. “முதலில் இரண்டு ஓநாய்களை அனுப்பு” என்பது மோசமான குறிப்பு. ஏற்கெனவே கடந்த படியைச் சொல்லி, சிக்கிய இடத்தை அப்படியே விட்டுவிடுகிறது.

எழுதிய குறிப்பு வேலை செய்கிறதா என்று அறிய, சோதனையில் ஒருவர் விளையாடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தாலே போதும். முதல் குறிப்பைப் படித்த பிறகும் அதே நகர்வுகளையே செய்தால் குறிப்பு தோற்றது. மூன்றையும் அடுத்தடுத்துத் திறந்தால் முதலிரண்டும் வீண்.

விலையில் லேட்டன் நுட்பமானது. தவறான விடை தந்தால் பிகாராட் எனும் புள்ளி குறையும், குறிப்பு வாங்கினால் குறையாது. கண்ணை மூடிக்கொண்டு ஊகிப்பதைவிட உதவி கேட்பதே லாபம் என்று விதியே சொல்கிறது. காசு குறைவு என்பதால், திறக்கும் முன் இன்னொருமுறை யோசிக்கவும் வைக்கிறது. புத்தகத்தில் அப்படி எந்த விலையும் இல்லை. பேனா கையில் இருந்தால் கடைசி வரி வரை தேய்த்துவிடலாம். லேட்டனின் மூன்றாம் விளையாட்டில் இரண்டு காசுக்கு ‘சூப்பர் குறிப்பு’ வந்தது. அது ஏறக்குறைய விடையையே சொல்வதால், அந்தக் கட்டுப்பாட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டது என்பது என் எண்ணம்.

கேள்வியைக் காப்பதில் புத்தகமே மேல், விலை வைப்பதில் காசே மேல். புதிதாக ஒரு குறிப்பு முறை அமைப்பவர் இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் முதல் வரியை எழுதும் முன், விளையாடுபவர் எதைத் தவறாக நினைத்திருக்கிறார் என்பதைக் கண்டுபிடியுங்கள்.