ஒரு குழாய்த்துண்டு காற்றாடியான கதை

அது முதலில் தண்ணீருக்காகச் செய்யப்பட்ட பிவிசி குழாய். திருவனந்தபுரத்தின் சாலைக் கம்போளத்தில் இரும்புக் கடையோ பிளம்பிங் கடையோ, எதில் கேட்டாலும் கிடைக்கும். சிறு காற்றாலை செய்ய முனையும் கல்லூரி மாணவர்கள் அதை வெட்டி இறகாக்குகிறார்கள். வாங்கும்போதே முதல் முடிவை எடுத்தாக வேண்டும்: எத்தனை மில்லிமீட்டர் குழாய்? இறகின் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு விட்டமுள்ள குழாய் வேண்டும் என்பது கைவினைஞர்களிடம் புழங்கும் கணக்கு. இறகு 30 சென்டிமீட்டர் என்றால் 60 மில்லிமீட்டர் வரும். கடையில் 63-உம் 75-உம் இருக்கும். 75 எடுப்பது நல்லது, அடிப்பகுதிக்குப் போதிய அகலம் கிடைக்கும்.

குழாயை நீளவாக்கில் நான்காகப் பிளந்தால் மூன்று இறகுகளும் ஒரு உபரியும் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 59 மில்லிமீட்டர் அகலமுள்ள வில். அதில் ஒரு விளிம்பை நேராக விட்டுவிட்டு, மற்றதை அடியிலிருந்து நுனிக்குச் சாய்வாக அறுக்க வேண்டும். நுனி அகலம் 25 மில்லிமீட்டர் போதும். இந்தச் சாய்வான அறுப்பில்தான் குழாயின் பெருமை இருக்கிறது. வளைந்த பரப்பின் குறுக்கே அறுவை ஓடுவதால் இறகுக்கு முறுக்கு தானாகவே வந்துவிடும். அடியில் அதிகக் கோணம், நுனியில் சுழலும் தளத்தோடு ஏறத்தாழ ஒட்டிய கோணம். நுனி வேகமாகவும் அடி மெதுவாகவும் நகர்வதால் காற்று ஒவ்வோர் இடத்திலும் வெவ்வேறு சாய்வில் வந்து மோதுகிறது. அந்தச் சாய்வுக்கு ஈடுகொடுக்கத்தான் முறுக்கு வேண்டும். பிறகு உப்புத்தாள் வேலை: காற்றை முதலில் சந்திக்கும் விளிம்பை உருட்ட வேண்டும், பின்விளிம்பைக் கூராக்க வேண்டும். சோம்பலால் இதை விட்டுவிட்டால் இறகு சத்தம்தான் அதிகம் போடும்.

இந்தக் குழாய் இறகோடு போட்டியிட இரண்டு வடிவங்களைச் செய்துகொள்ளலாம். ஒன்று, அதே நீளத்தில் 3 மில்லிமீட்டர் பிளைவுட்டில் வெட்டிய தட்டை இறகு. அதைக் குடத்தில் 10, 20, 30 பாகைக் கோணங்களில் பொருத்திப் பார்க்கலாம். மற்றொன்று, பெரிய காற்றாலைகளின் இறகைப் பார்த்து பால்சா மரத்தில் செதுக்கிய, தடித்த வயிறுள்ள வடிவம். மூன்றாவது ஜெயிக்கும் என்றே எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. 30 மீட்டர் இறகுக்கும் 30 சென்டிமீட்டர் இறகுக்கும் காற்று ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. சிறிய, குறுகிய இறகில் காற்றின் பாகுத்தன்மை மேலோங்கி, தடித்த முதுகைப் பற்றிக்கொண்டு போக முடியாமல் ஓட்டம் சீக்கிரம் விலகிவிடும். இந்த அளவில் மெல்லிய வளைந்த தகடு பல சமயம் செதுக்கிய இறகைத் தோற்கடிக்கும். குழாய்த்துண்டு என்பதோ மெல்லிய வளைந்த தகடுதான்.

அடுத்து அதை ஒரு நிரந்தரக் காந்த டிசி மோட்டாரின் தண்டில் மாட்டுகிறார்கள். மோட்டாரைச் சுழற்றினால் ஜெனரேட்டர். முதலில் டிரில்லிங் மெஷினில் பிடித்துச் சுழற்றி அதன் குணத்தை அறிய வேண்டும். நிமிடத்துக்கு 1200 சுற்றில் 12 வோல்ட் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 சுற்றுக்கு 1 வோல்ட். இந்த எண் எங்கும் மாறாது. இங்கேதான் இந்தப் பரிசோதனைகளில் பெரும்பாலானவை சறுக்குகின்றன. காற்றில் சுழலும் மோட்டாரின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை மட்டும் வைத்து, எந்த இறகு அதிக வோல்ட் காட்டுகிறதோ அதுவே சிறந்தது என்று அறிக்கை எழுதிவிடுவார்கள். மீட்டர் வழியே மின்னோட்டம் ஏறக்குறைய எதுவும் போவதில்லை. ஆகவே இறகு எந்த வேலையும் செய்யவில்லை. மீட்டர் காட்டியது மின்திறனை அல்ல, வெறும் சுழல்வேகத்தை. நிமிடச் சுற்றைத்தான் வோல்ட்டில் எழுதியிருக்கிறோம்.

வெறுமனே சுழல்வதில் குறுகிய, கோணம் குறைந்த இறகுக்கு நிகரில்லை. சுமை ஏற்றியதும் அது தளர்ந்துபோகும். வேகம் குறையக் குறைய காற்று அதன் மேல் செங்குத்தாக மோதத் தொடங்கும். பரப்பை விட்டு ஓட்டம் பிரியும். சுழற்றுவிசை இன்னும் விழும். வேகத்தையே நம்பி வாழும் இறகுக்கு உள்ள இந்தப் பலவீனத்தைத் திருவனந்தபுரத்தின் தென்கரையில் பெரிய அளவில் கண்டிருக்கிறார்கள். விழிஞ்ஞம் துறைமுகத்தில் 1991-இல் சென்னை ஐஐடி முன்னின்று அமைத்த 150 கிலோவாட் அலைமின் நிலையத்தில், கடல் அலை ஒரு கான்கிரீட் அறைக்குள் ஏறி இறங்கி, அதன் மேலிருந்த காற்றை உள்ளும் புறமும் தள்ளியது. அந்த இருதிசைக் காற்றிலும் ஒரே பக்கமாகச் சுழல வேண்டியிருந்ததால் அங்கே வைத்த வெல்ஸ் டர்பைனின் இறகுகளுக்கு ஒரு பக்கச் சாய்வான வளைவே கிடையாது. இரு பக்கமும் ஒரே வடிவம். வேகம் பிடித்துவிட்டால் அது வேலை செய்யும். நின்ற நிலையிலிருந்து தானாக எழுந்து வேகம் பிடிப்பதுதான் அந்த வகை இறகுக்குக் கடினம்.

இறகைச் சுமையோடு அளக்க வேண்டும் என்ற அறிவு புதியதல்ல. ஜான் ஸ்மீட்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1759-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அளித்த கட்டுரையில் அது தெளிவாக இருக்கிறது. அவரிடம் காற்றுச் சுரங்கம் இல்லை. ஆகவே காற்றை ஓட்டாமல் காற்றாடியையே ஓட்டினார். நிமிர்ந்த அச்சில் ஒரு நீண்ட கை, அதன் நுனியில் மாதிரிக் காற்றாடி. கயிற்றை இழுத்து அந்தக் கையைச் சுழற்றும்போது காற்றாடி காற்றை எதிர்த்து நகர்ந்து சுழலும். சுழலும்போது ஒரு தட்டில் வைத்த எடையைத் தூக்கும். எத்தனை சுற்று என்பதோடு எவ்வளவு எடை என்பதையும் எழுதினார். இரண்டையும் பெருக்கியதே அவருடைய மதிப்பெண். சுமையின்றிச் சுழலும் வேகத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வேகத்துக்குச் சுமை இழுத்து நிறுத்தும்போதே காற்றாடி அதிக வேலை செய்கிறது என்று கண்டார். இறகுக்கு முறுக்கு வேண்டும் என்பதும் அவர் பட்டியலில் உண்டு: அடிப்பகுதியில் 18, 19 பாகையளவு, நுனியில் 7. நம் குழாய்த்துண்டு சாய்வறுப்பில் எட்டுவதும் இதைப் போன்றதொரு வடிவத்தைத்தான்.

அந்த மூன்றில் இரண்டை நம் இறகின் மேல் போட்டுப் பார்க்கலாம். 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள சுழலி 0.28 சதுர மீட்டர் காற்றைத் துழாவுகிறது. நொடிக்கு 5 மீட்டர் காற்றில் அந்த வட்டத்தின் வழியே ஓடுவது சுமார் 21 வாட். எந்த இறகாலும் 59 சதவீதத்துக்கு மேல் பறிக்க முடியாது. கையால் செய்த நல்ல இறகு 25 சதவீதம் பறித்தால், தண்டுக்கு வருவது 5 வாட் சொச்சம். சுமையில்லாமல் இறகின் நுனி காற்றைவிட ஏழரை மடங்கு வேகமாகப் போனால் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 1200 சுற்று, மீட்டரில் 12 வோல்ட். மூன்றில் இரண்டுக்கு இழுத்தால் 800 சுற்று, மோட்டாருக்குள் 8 வோல்ட். மோட்டாரின் சுருளுக்கே 3 ஓம் தடை இருக்கிறது என்றால், வெளியே 10 ஓம் ரெசிஸ்டர் போடும்போது 0.6 ஆம்பியர் ஓடும். ரெசிஸ்டரின் முனைகளில் 6.15 வோல்ட் தெரியும். 6.15-ஐ வர்க்கித்து 10-ஆல் வகுத்தால் 3.8 வாட். அறிக்கையில் எழுத வேண்டிய எண் இதுதான். 12 வோல்ட் காட்டி மயக்கிய குறுகிய இறகு இதே ரெசிஸ்டரில் 3 வோல்ட்டுக்கு விழுந்தால் அதன் திறன் 0.9 வாட் மட்டுமே. ரெசிஸ்டர் 10 வாட் தாங்கும் வகையாக இருக்கட்டும், சின்னது சுட்டுவிடும்.

ஒரே ரெசிஸ்டரோடு நிறுத்திவிட்டாலும் நியாயம் இல்லை. காற்று 3 மீட்டராகக் குறைந்தால் அதே இறகு பறிக்கக்கூடியது 1.2 வாட்டுக்கும் கீழே. ஆனால் 10 ஓம் சுமை, இறகின் நல்ல வேகத்தில் கேட்பது ஏறக்குறைய 1.8 வாட். இல்லாததைக் கேட்பதால் இறகு மண்டி போட்டு மெதுவாகச் சுற்றும். வரைபடத்தில் இது தெளிவாகத் தெரியும்: ஒரு வேகம் வரை கோடு தரையோடு படுத்துக் கிடந்து, பிறகு திடீரென்று எழும். அப்படித் தெரிந்தால் இறகைக் குறை சொல்லாமல் 20 ஓம், 47 ஓம் போட்டு மறுபடி ஓட்ட வேண்டும். ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒவ்வொரு காற்றுவேகத்திலும் அதற்கேற்ற சுமையைக் கண்டுபிடித்து, அந்த உச்சங்களை ஒப்பிடுவதே சரியான போட்டி.

காற்றை எங்கிருந்து கொண்டுவருவது? வீட்டு ஸ்டாண்ட் ஃபேனைத்தான் முதலில் நினைப்பார்கள். அதன் காற்று முறுக்கிக்கொண்டு வருகிறது. நடுவில் பலவீனம், ஓரத்தில் வேகம். 60 சென்டிமீட்டர் சுழலியின் நுனிகள் அந்த ஓட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஃபேன் சுழலும் அதே பக்கம் சுழலும் இறகும் எதிர்ப்பக்கம் சுழலும் இறகும் வேறு வேறு வோல்ட் காட்டினால், அளந்தது வடிவத்தை அல்ல, ஃபேனின் முறுக்கை. உறிஞ்சுகுழல்களை நெருக்கி அடுக்கிய சட்டத்தை இடையில் வைத்தால் முறுக்கு அடங்கும். சுழலியும் பாதி விட்டமாகக் குறைய வேண்டும். இதைவிட ஸ்மீட்டன் வழி எனக்குப் பிடிக்கும்: காற்றில்லாத அதிகாலையில், வாகனமற்ற ஒரு வளாக மைதானத்தில், சுழலியைக் கார் கூரைக்கு நன்றாக மேலே கம்பத்தில் கட்டி ஓட்டுவது. மணிக்கு 18 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 5 மீட்டர் காற்று. மெதுவான ஓட்டத்தில் காரின் முள்ளை நம்பக் கூடாது. கம்பத்தின் பக்கத்திலேயே அனிமோமீட்டர் இருக்கட்டும். அதே பாதையில் போகவும் வரவும் அளந்து சராசரி எடுத்தால், இருக்கும் சிறு காற்றும் பெரும்பாலும் கழிந்துவிடும். ரெசிஸ்டர் ஒயர் கழன்றால் மட்டும் உடனே நிறுத்த வேண்டும். 10 மீட்டர் காற்றில் சுமையற்ற குழாய் இறகின் நுனி மணிக்கு 270 கிலோமீட்டரில் பறக்கும். பிவிசி உடைந்தால் சில்லாகத் தெறிக்கும்.

கடைசியாக நிஜக் காற்று. பிற்பகலில் சங்குமுகம் கடற்கரையில் கடற்காற்று எழும்போது கம்பத்தை நட்டால், எண்கள் ஒரு நொடி ஒன்று, மறு நொடி ஒன்று என்று குதிக்கும். மொட்டை மாடியில் இன்னும் மோசம், கைப்பிடிச் சுவரின் மேல் காற்று கொந்தளித்துக்கொண்டே வரும். காற்றின் ஒரு நொடி அளவையும் வோல்ட்டின் ஒரு நொடி அளவையும் ஜோடி சேர்க்கக் கூடாது. காற்று கூடினாலும் இறகு வேகம் பிடிக்க நேரம் எடுக்கும். அதனால் சிறு காற்றாலைகளுக்கான சர்வதேசத் தர விதி ஒரு நிமிடச் சராசரிகளை எடுக்கச் சொல்கிறது. அந்தச் சராசரிகளைக் காற்றுவேகத்தின் அரை மீட்டர் இடைவெளிகளாகப் பிரித்து, ஒவ்வோர் இடைவெளியிலும் குறைந்தது 10 நிமிட அளவு சேர்ந்த பிறகே அதன் சராசரித் திறனை ஒரு புள்ளியாக வைக்க வேண்டும். மொத்தம் குறைந்தது 60 மணி நேரம். நாகர்கோவில் தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாயையும் கடந்து வடக்கே போனால் வரும் கயத்தாறில், தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையத்தில் விற்பனைக்கு வரும் சிறு காற்றாலைகளை அளக்கிறார்கள். சங்குமுகத்தில் நட்ட குழாய் இறகுக்கும் ஒரு நோட்டுப் புத்தகமும் கடிகாரமும் பொறுமையான இரண்டு பேரும் இருந்தால், 3 மீட்டரிலிருந்து 6 மீட்டர் வரையிலான அந்த ஏழு புள்ளிகளைச் சில மாலைகளில் நிரப்பிவிடலாம்.