பிண்ணாக்கும் சுரைக்காயும்

சமண ஆகமங்களில் மிகப் பழமையானவற்றுள் ஒன்று சூத்ரகிருதாங்கம். அதில் ஆர்த்ரகன் என்ற துறவியிடம் ஒரு பௌத்தர் தம் கொள்கையை விளக்குகிறார். பிண்ணாக்குக் கட்டியை மனிதன் என்று எண்ணி ஈட்டியில் குத்தி நெருப்பில் வாட்டினால் அது கொலைப்பாவம். உண்மைக் குழந்தையைச் சுரைக்காய் என்று எண்ணி வாட்டிவிட்டாலோ பாவமே இல்லை!

இதைப் பௌத்தர் வாயில் போட்டவர்கள் சமணர்கள் என்பதை வாசகர்கள் மறந்துவிடக் கூடாது. கேலிதான். ஆனால் ஆதாரமில்லாத கேலி அல்ல. எண்ணமே வினை என்றார் புத்தர். தம்மபத உரையில் சக்குபாலர் என்ற குருட்டுத் தேரர் வருகிறார். மழை பெய்து ஓய்ந்த வேளையில் அவர் உலாவிய பாதையில் பூச்சிகள் மிதிபட்டுச் செத்துக் கிடந்தன. வந்திருந்த பிக்ஷுக்கள் புத்தரிடம் போய்ப் புகார் சொன்னார்கள். கொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை, ஆகவே குற்றமும் இல்லை என்பது தீர்ப்பு.

பிண்ணாக்கை மனிதன் என்று எவன் எண்ணுவான் என்று ஆர்த்ரகன் மடக்குகிறான். எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருக்கிறது. 'தெரியாது' என்பவனைப் பார்த்து, 'தெரிந்துகொள்ள முயன்றாயா?' என்று கேட்கிற கேள்வி அது. பிற்காலத்தில் உமாஸ்வாதி இதையே இலக்கணமாக்கினார்: அஜாக்கிரதையால் உயிரைப் போக்குவது ஹிம்சை. அதனால்தான் சமண முனிவர் நான்கு முழத் தூரம் தரையைப் பார்த்தபடி நடக்கிறார். அப்படி நடந்தும் ஓர் எறும்பு செத்தால் அவர்மேல் பழி இல்லை.

அப்படியானால் சமணருக்கு விளைவுதான் முக்கியமா? நம் யசோதர காவியத்தைப் பாருங்கள். கோழியைப் பலியிடச் சொல்கிறாள் தாய். அரசன் மறுக்கிறான். கடைசியில் மாவினால் செய்த கோழியை வெட்டுகிறான். ஓர் உயிரும் போகவில்லை. இருந்தும் அவன் மயிலாகவும் தாய் நாயாகவும் பிறந்து, இன்னும் பல பிறவிகள் அலைந்து துன்பப்படுகிறார்கள். பிண்ணாக்கைக் கேலி செய்தவர்களே மாவுக்கோழிக்கு இவ்வளவு பெரிய தண்டனை விதித்துவிட்டார்கள்!

1789-ல் வெளியான பெந்தாமின் நூலைப் படித்தவனுக்கு இதெல்லாம் விசித்திரமாகத் தோன்றும். மாவை வெட்டியதில் யாருக்கு வலித்தது என்பான். அப்படி வெட்டுகிறவன் நாளைக்கு உண்மைக் கோழியை வெட்டுவானா என்று வேண்டுமானால் விசாரிப்பான். சுரைக்காய் விஷயத்தில் குழந்தையின் மரணம் முழு நஷ்டமாகவே அவன் கணக்கில் ஏறும். ஆனால் அறியாமல் செய்தவனைத் தண்டித்து என்ன பயன் என்று பெந்தாமே கேட்டிருக்கிறார். பௌத்தரும் சமணரும் செய்தவனுடைய உள்ளத்தில் என்ன ஒட்டிக்கொண்டது என்று பார்க்கிறார்கள். இவர் உலகத்தில் எவ்வளவு வலி கூடியது என்று பார்க்கிறார்.

சக்குபாலர் கதையில் இன்னொரு விவரம் உண்டு. அன்று காலையில் சீடர்கள் அந்தப் பாதையை வேளையோடு பெருக்கவில்லை. புத்தரின் தீர்ப்பு சீடர்களைத் தொடவே இல்லை. பெந்தாமாக இருந்தால் அவர்களிடமிருந்துதான் விசாரணையைத் தொடங்கியிருப்பார்.